அவசரம்: சம்பளக் கணக்கு என்று ஃபிஷிங் மெயில், ஒருவர் பாஸ்வேர்டு கொடுத்துவிட்டார்

வணக்கம்,

முதலில் acc07 கணக்கைப் பாருங்கள். அதை வைத்திருக்கும் எங்கள் பிரிவு நண்பர் இன்று காலை 9.50 வாக்கில் போலிப் பக்கத்தில் பாஸ்வேர்டு, ஓடிபி இரண்டும் கொடுத்துவிட்டார். பாஸ்வேர்டை வேறு கணினியிலிருந்து மாற்றிவிட்டார். ஆனாலும் திறந்திருக்கும் செஷன்களை நீங்கள்தான் முடக்க வேண்டும். மெயிலை வெளியே திருப்பிவிடும் விதி ஏதாவது புதிதாக முளைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

மெயில் வந்தது 9.42-க்கு, எங்கள் பிரிவில் ஆறு பேருக்கு. தலைப்பு: "சம்பளக் கணக்கைச் சரிபார்க்கவும்". பெயர் மனிதவளப் பிரிவு என்று காட்டுகிறது, முகவரியோ hr@payro1l-update.example. ரோமன் எழுத்துகளுக்கு நடுவே ஒரு 1.

ஹெடர் கெடாமலிருக்க, ஃபார்வர்டு செய்யாமல் .eml கோப்பாக இணைத்திருக்கிறேன். மற்றவர்களிடம் நேரில் சொல்லியாயிற்று. யாரும் மெயிலை அழிக்கவில்லை.

கணக்குப் பிரிவு, இரண்டாம் தளம்
உள் எண் 214