பொருள்: வியாழன் காலை 11 மணி சந்திப்பு – அடுத்த வாரத்துக்கு மாற்றித் தர வேண்டி (கோப்பு எண் 318)

வணக்கம் மேடம்,

என் கணவரிடம் போய்ச் சேர்வதற்கான துணைவர் விசா விஷயமாக, வரும் வியாழன் காலை 11 மணிக்கு உங்களிடம் நேரம் வாங்கியிருந்தேன். அதை அடுத்த வாரம் புதன் அல்லது வெள்ளிக்கு மாற்றித் தர முடியுமா?

நீங்கள் கொடுத்த பட்டியலை வைத்துக்கொண்டு நேற்று ராத்திரி எல்லாவற்றையும் மேசையில் பரப்பிச் சரிபார்த்தேன். எல்லாம் கையில் இருக்கிறது என்ற தைரியத்தில்தான் உட்கார்ந்தேன். மூன்று இடத்தில் மாட்டிக்கொண்டது.

திருமணச் சான்றிதழில் மாமனார் பெயரின் ஆங்கில எழுத்துகளில் ஒரு ‘எச்’ விட்டுப்போயிருக்கிறது. என் கணவரின் பாஸ்போர்ட்டில் அந்த ‘எச்’ உண்டு. அங்கே அதுதான் குடும்பப் பெயர். மூன்று வருஷமாகப் பீரோவில் இருக்கும் சான்றிதழ், இத்தனை நாளும் எங்கள் இருவர் கண்ணிலும் படவில்லை. திருத்தம் செய்து புதிதாக வாங்கத்தான் வேண்டுமா, இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன் கையெழுத்திட்ட உறுதிமொழிப் பத்திரம் போதுமா? நீங்கள் சொல்லும்வரை நானாக எதையும் தொடப்போவதில்லை.

அடுத்தது வங்கிக் கணக்கு விவரம். மொத்தம் 9 பக்கம், பிரிண்ட் எடுத்ததில் 6ஆம் பக்கத்தைக் காணோம். மாமனார் அனுப்பிய பெரிய தொகை வரவாகியிருப்பது சரியாக அந்தப் பக்கத்தில்தான்! மறைத்ததுபோல் ஆகிவிடும். வங்கி முத்திரையோடு முழுசாக வாங்கிக்கொள்கிறேன். அந்தப் பணம் எதற்காக வந்தது என்று மாமனார் ஒரு கடிதம் எழுதித் தருகிறார். என்னென்ன எழுத வேண்டும் என்று ஒரு வரி சொன்னால் உதவியாக இருக்கும்.

மூன்றாவது, கணவரின் அலுவலகக் கடிதம். பதவியும் சம்பளமும் இருக்கிறது, வேலையில் சேர்ந்த தேதியும் பணி நிரந்தரமா என்பதும் இல்லை. புதுக் கடிதம் திங்களுக்குள் வந்துவிடும் என்கிறார்கள். மற்றபடி பாஸ்போர்ட் நகல், போட்டோ, வாடகை ஒப்பந்தம் எல்லாம் சரியாக இருக்கின்றன.

ஒரு முக்கியமான வேண்டுகோள்: ஆன்லைன் விண்ணப்பம் இன்னும் வரைவாகத்தான் இருக்கிறது. உங்கள் ஆபீஸிலிருந்து யாரும் அதைச் சமர்ப்பித்துவிட வேண்டாம், கைரேகைப் பதிவுக்கும் இப்போது நேரம் எடுக்க வேண்டாம்.

புதன் என்றால் மாலை 4 மணிக்கு மேல் வசதி, அப்போதுதான் அவரும் வீடியோவில் வர முடியும். வெள்ளி என்றால் மதியத்துக்குள் எப்போதானாலும் சரி. கட்டிய முன்பணம் புதிய தேதிக்கே கணக்காகுமா? மாற்றுவதற்குத் தனிக் கட்டணம் இருந்தாலும் சொல்லுங்கள், கட்டிவிடுகிறேன்.

கடைசி நேரத்தில் சொல்வதற்கு மன்னிக்கவும். பாதிக் காகிதத்தோடு வந்து உங்கள் ஒரு மணி நேரத்தை வீணாக்க மனசு வரவில்லை. திருத்திய நகல்களைச் செவ்வாய் மாலைக்குள் மெயிலில் அனுப்பிவிடுகிறேன். அந்த ‘எச்’ பற்றி மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள் மேடம்.

நன்றி.

இப்படிக்கு,
கோப்பு எண் 318, துணைவர் விசா