மூணு வட்டம்

டீச்சர் அன்னைக்கு போர்டு பக்கமே போகல. அவங்க வீட்டு முற்றத்துக்கு நட்டநடுவுல ஒரு அடி குச்சிய நட்டு, நூல்ல கல்லக் கட்டி தொங்கவிட்டு, குச்சி நேரா நிக்குதான்னு நாலு பக்கமும் குனிஞ்சு பார்த்தாங்க. அப்புறம் அதே நூல வச்சு குச்சியச் சுத்தி மூணு வட்டம். வானியல்ல அவ்வளவு பெரிய ஆளு, சாக்பீஸும் கையுமா முட்டி போட்டு உக்காந்திருக்காங்க, எங்களுக்கு சிரிப்பு.

"வட்டம் ஒண்ணு போதாதா டீச்சர்?"

பதிலே இல்ல. "சுத்தி உக்காருங்க, நிழல மறைக்காதீங்க"ன்னு மட்டும் சொன்னாங்க.

காலைல நிழல் நீளமா மேற்குல கெடந்துச்சு, வெயில் ஏற ஏற சுருங்கி 9:08க்கு அதோட நுனி வெளி வட்டத்தத் தொட்டுச்சு, ஒரு புள்ளி வச்சோம், அப்புறம் நடு வட்டம், கடைசியா உள் வட்டம். அவ்வளவுதான் பாடம். மத்தியானம் அதே நுனி மறுபக்கம் வட்டத்தத் தாண்டி வெளிய போகும், அப்ப இன்னொரு புள்ளி, ரெண்டையும் சேர்த்தா கிழக்கு மேற்கு. அதுவரைக்கும் காத்திருக்கணும், எனக்கு அதுதான் சுத்தமா வராது.

மத்தியானம் மேகம் வந்துடுச்சு. நிழலே இல்ல. உள் வட்டம் போச்சு, நடு வட்டமும் போச்சு, எங்கள்ல பாதிப்பேரு பையத் தூக்கிட்டாங்க. டீச்சர் அசையல. திடீர்னு வெயில் விழுந்தப்போ நுனி வெளி வட்டத்துக்கு ஒரு விரக்கடை உள்ளதான் நிக்குது!

3:22க்கு தொட்டுச்சு. வட்டம் ஒண்ணு போதாதான்னு கேட்டவன் நான்தான், அதனால வாயத் தொறக்கல.

"ரெண்டு நேரத்துக்கும் நடு எது?"

கண்ணாடி போட்ட பொண்ணு விரல் விட்டு எண்ணி 12:15ன்னா.

"அப்போதான் இங்க உச்சி. உங்க வாட்ச்ல 12 அடிச்சப்போ சூரியன் இன்னும் ஏறிட்டுதான் இருந்துச்சு."

சின்னவன் நூலப் புடிக்க நான் ரெண்டு புள்ளியையும் சேர்த்து கோடு இழுத்தேன். கோடு சுவருக்கு இணையா வரல, நல்லாவே சாஞ்சு போச்சு. கிழக்கு பார்த்த வாசல்னு டீச்சரே எத்தனை தடவை பெருமையா சொல்லிருக்காங்க, பாவம். எல்லாரும் அவங்க மூஞ்சியவே பாக்குறோம். அவங்க கோட்டப் பார்த்தாங்க, வாசலப் பார்த்தாங்க, மறுபடியும் கோடு.

"தப்பா இழுத்துட்டேனா டீச்சர், அழிச்சிடவா?"

"தொடாத. நாளைக்கு மறுபடியும் நட்டுப் பாப்போம். கோணல் வீடா, நம்ம குச்சியான்னு."