கிழிந்த புத்தகங்களுக்கு ஒரு பட்டறை: ‘மறுதையல்’ ஜூன் 14 அன்று தொடக்கம்

செய்தி வெளியீடு – உடனே வெளியிடலாம்
(இருமொழி வெளியீடு. இது தமிழ்ப் பக்கம், ஆங்கிலம் மறுபக்கத்தில்.)

முதுகு பிய்ந்த அகராதி, தையல் விட்ட பாட்டுப் புத்தகம், ஓரம் பொடிந்த குடும்பக் கையேடு. இவற்றைச் செப்பனிட்டுத் தரும் ‘மறுதையல்’ பட்டறை 2025 ஜூன் 14, சனிக்கிழமை வேலையைத் தொடங்குகிறது. புத்தகத்தை நேரில் கொண்டுவர வேண்டியதில்லை. முதலில் படம் அனுப்பினால் போதும். என்ன செய்ய முடியும், எவ்வளவு ஆகும் என்று எழுதித் தருவோம். சம்மதம் என்றால் அப்புறம் கூரியரில் அனுப்பலாம்.

பட்டறைக்கு இரண்டே பேர். தேன்மொழி பைண்டிங் பார்க்கிறார், ஜோசப் தாள் வேலை பார்க்கிறார். விட்டுப்போன தையலைப் பிரித்து, பழைய துளைகளிலேயே நூல் கோத்துத் திரும்பத் தைப்பார்கள். கிழிசலுக்கு நீண்ட நாருள்ள மெல்லிய ஜப்பானியத் தாளும் கோதுமை மாப்பசையும் பயன்படும். தேவைப்பட்டால் இந்தப் பசையை ஈரம் காட்டிப் பிரித்துவிடலாம் என்பதே அதைத் தேர்ந்ததற்குக் காரணம்.

“எங்களிடம் வருவதில் பாதி, யாரோ ஆசையாக செலோடேப் ஒட்டிய புத்தகங்கள். டேப் உதிர்ந்துவிடும், பசை மட்டும் மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும். கிழிசலைச் சரிசெய்ய ஒரு மணி நேரம் என்றால் அந்தக் கறையோடு ஒரு நாள் போகும். தயவுசெய்து ஒட்டாமல் அனுப்புங்கள்” என்கிறார் தேன்மொழி.

எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறோம். மரக்கூழில் செய்த பழைய மலிவுத் தாளில் அமிலம் தங்கியிருக்கும். வருடங்கள் போகப்போக மடித்தாலே ஒடியும். அப்படிப்பட்ட புத்தகத்துக்குத் தைப்பு உதவாது. அதற்கு அளவெடுத்து அமிலமற்ற அட்டையில் பெட்டி செய்து தருவோம்.

ஆங்கிலப் பக்கம் இதன் வார்த்தைக்கு வார்த்தை மொழிபெயர்ப்பு அல்ல. ‘உங்கள் பழைய புத்தகத்தைத் தூக்கி எறியாதீர்கள்’ என்பது அதன் தலைப்பு. அங்கே பேசுபவர் ஜோசப். அவர் சொன்னது தமிழில்: “புதிதுபோல ஆக்குவது எங்கள் வேலை அல்ல. தாத்தா பென்சிலில் எழுதிய குறிப்பு அப்படியே இருக்க வேண்டும். புத்தகம் திறக்க வேண்டும், அவ்வளவுதான்.”

தொடர்புக்கு

தமிழில்: தேன்மொழி, tamil@maruthaiyal.example
ஆங்கிலத்தில்: ஜோசப், english@maruthaiyal.example
படிவமும் வேலைப் படங்களும்: www.maruthaiyal.example

கையில் பசை இருக்கும் நேரத்தில் போன் எடுக்க முடிவதில்லை. மின்னஞ்சலுக்கு அன்று மாலையே பதில் வரும். செய்தியாளர்கள் கேட்டால் ஒரே புத்தகத்தின் முன்னும் பின்னுமான படங்களை அனுப்புகிறோம்.