காலிக்குடம் இல்லனா போட்டோ இல்ல

எந்தச் செய்தி உள்ள வரணும், எது வெளியவே நிக்கணும்னு எப்படி முடிவாகுதுன்னு சொல்ற கேட்கீப்பிங் தியரிய மாஸ்காம்ல படிச்சப்போ மனசுல ஒரே ஒரு படம்தான் நின்னுச்சு. வயசான ஒரு சப் எடிட்டர், கண்ணாடி மூக்கு நுனியில, இது வேணும் இது வேணாம்னு தாளைப் பிரிச்சுப் போட்டுக்கிட்டே இருப்பாரு, அவர்தான் கேட்கீப்பர். ஆடி மாசம் முழுக்க புதுச்சேரியில ஒரு நாளிதழோட எடிஷன் டெஸ்க்ல இன்டர்னா உக்காந்துட்டு வந்து பார்த்தா, அந்த மாதிரி ஆளு இருக்காரு, ஆனா அவரு கைக்கு வந்து சேர்றதுக்குள்ள முக்கால்வாசி முடிஞ்சு போயிடுது. இந்தக் கட்டுரை அதைப் பத்திதான்.

அந்தப் படம் பாடத்துல இருந்து வந்ததுதான். 1949 பிப்ரவரியில ஒரு வாரம், அமெரிக்காவுல ஒரு சின்ன ஊர் பேப்பர்ல நியூஸ் ஏஜென்சி செய்திகளைப் பொறுக்கி எடுக்கற வயர் எடிட்டர், தான் தூக்கிப் போட்ட ஒவ்வொரு செய்திக்கும் ஏன் போடலன்னு காரணம் எழுதி வச்சாரு, அதை வச்சு டேவிட் மேனிங் ஒயிட் 1950ல கட்டுரை எழுதினாரு, அந்த எடிட்டருக்கு வச்ச பேருதான் மிஸ்டர் கேட்ஸ். வந்ததுல கிட்டத்தட்ட பத்துல ஒன்பது பங்கு குப்பைக்குப் போச்சு. இது எல்லாமே ரொம்ப சப்ஜெக்டிவ், அந்த ஆளோட விருப்பு வெறுப்புதான் செய்தியத் தீர்மானிக்குதுன்னு ஒயிட் முடிச்சாரு. எங்க டெஸ்க்கைப் பார்த்தா எனக்கு அது பாதிதான் சரின்னு தோணுது. மிஸ்டர் கேட்ஸ் எழுதி வச்ச காரணத்துலயே நிறைய வந்தது இடம் இல்லங்கறதுதான், அதைப் பாடத்துல சும்மா தாண்டிப் போயிடுறோம்.

எங்க டெஸ்க்ல சாயங்காலம் முதல் கேள்வியே, "டம்மி வந்துச்சா?"தான். டம்மின்னா எந்தப் பக்கத்துல எவ்ளோ விளம்பரம்னு கோடு போட்டு வர்ற பக்க வரைபடம். ஆடித் தள்ளுபடி சீசன்ல கேக்கவே வேணாம், ஜவுளிக்கடை அரைப்பக்கம், நகைக்கடை கால்பக்கம், ஓரத்துல ஒரு கண்ணீர் அஞ்சலி, இதெல்லாம் போக மிச்சம் இருக்கற ஓட்டையிலதான் கடலூர் மாவட்டம் மொத்தமும் உள்ள நுழையணும். பண்ருட்டி, நெய்வேலி, விருத்தாசலம், சிதம்பரம்னு ஒவ்வொரு ஊர்லேந்தும் பகுதிநேர நிருபருங்க வாட்ஸ்அப்ல அனுப்பிக்கிட்டே இருப்பாங்க. சப் எடிட்டர் சார் அதையெல்லாம் விரும்பித் தள்ளுறாருன்னு சொல்ல முடியாது, மூணு காலம் அகலத்துல ஒரு செய்தி வேணுமா நாலு சிங்கிள் காலம் வேணுமான்னு நீளத்தைப் பார்த்து எடுக்கறாரு. 1956ல கீபர்னு ஒருத்தர் விஸ்கான்சின்ல 16 வயர் எடிட்டர்களைப் பார்த்துட்டு இதையேதான் சொன்னாரு, இவங்க யோசிச்சுத் தேர்ந்தெடுக்கற ஆளுங்களா இல்ல, வேலையோட இயந்திரத்தனத்துல மாட்டிக்கிட்டவங்கன்னு. படிச்சப்போ கொஞ்சம் கடுமையா பட்டுச்சு. ராத்திரி பேஜ் முடிக்கற நேரத்துல பக்கத்துல நின்னு பார்த்தவங்களுக்கு அப்படிப் படாது.

இந்தத் தியரியோட வேரு சமையல்கட்டுல இருக்கு. ரெண்டாம் உலகப்போர் சமயத்துல குர்ட் லூயின்னு ஒரு உளவியலாளர், ஒரு வீட்டு மேசைக்குச் சாப்பாடு எந்த எந்த வழியா வந்து சேருதுன்னு ஆராய்ச்சி பண்ணாரு, கடை ஒரு வழி, தோட்டம் ஒரு வழி, ஒவ்வொரு வழியிலயும் ஒரு கேட். செய்திக்கும் இது பொருந்தும்னு 1947ல வந்த கட்டுரையில சொல்லிட்டுப் போயிட்டாரு. அதுல எனக்குப் பிடிச்ச பாயிண்ட் ஒண்ணு. விலை ஜாஸ்தியான கறிய வாங்கற வரைக்கும் அந்த விலை நம்மளத் தடுக்குது, ஆனா வாங்கிட்டோம்னா அதே விலைதான் வீணாக்கக் கூடாதுன்னு உள்ள தள்ளுது. கேட்டுக்கு இந்தப் பக்கம் எதிரா இருந்த விசை, அந்தப் பக்கம் போனதும் சாதகமா மாறிடுது.

இதை நான் வீராணத்துல பார்த்தேன். கீழணையிலேந்து வடவாறு வழியா ஏரிக்குத் தண்ணி வருதுன்னு தகவல், போட்டோகிராபர் அண்ணனோட என்னையும் வண்டியில ஏத்தி அனுப்பினாங்க. வண்டி கிடைக்கறதே பெரிய பாடு, காலைலேந்து டீசலுக்கு கையெழுத்து வாங்க அலைஞ்சோம். அங்க போனா தண்ணி இன்னும் வந்து சேரல. சேறும், நாலு கொக்கும், ஆடு மேய்க்கற ஒரு பெரியவரும்தான். அண்ணன் அலட்டிக்கவே இல்ல, கரையில இறங்கி படுத்து கொக்கை எடுத்தாரு. மறுநாள் மூணு காலத்துல அச்சாகி வந்துச்சு, 'தண்ணீர் வரவை எதிர்நோக்கி வீராணம் ஏரி'ன்னு. இதே படத்தைக் காட்டுமன்னார்கோவில் நிருபர் போன்ல எடுத்து அனுப்பியிருந்தா யாரும் திறந்துகூட பாத்திருக்க மாட்டாங்க. வண்டி போயிடுச்சு, அதனால செய்தி ஆயிடுச்சு.

அதே வாரம் குறிஞ்சிப்பாடி பக்கம் ஒரு கிராமத்துலேந்து செய்தி வந்துச்சு. போர் மோட்டார் பழுதாகி ரெண்டு வாரமா குடிதண்ணி இல்ல, பொம்பளைங்க திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள்ல மனு கொடுத்திருக்காங்க. எட்டு வரி, அந்தப் பக்கத்து நிருபர் தெளிவா எழுதியிருந்தாரு. போகல. 'மனு தினமும் வரும்மா'ன்னுட்டாரு சார், அவரு சொன்னதும் பொய்யில்ல. நிருபர் கிட்ட நான் போன்ல சொன்னப்போ அவரு கொஞ்சம்கூட வருத்தப்படல. "எனக்குத் தெரியும் பாப்பா, அவங்ககிட்டயும் சொல்லிட்டேன், காலிக்குடத்தோட ரோட்டுல உக்காந்தாதான் படம் வரும்னு"ன்னாரு. வியாழக்கிழமை உக்காந்தாங்க. பஸ் நின்னுச்சு, போலீஸ் வந்துச்சு, பி.டி.ஓ. வந்து பேச்சுவார்த்தை. மஞ்சள், பச்சை, சிவப்புன்னு பிளாஸ்டிக் குடத்தை முன்னாடி வரிசையா வச்சு எடுத்த படத்தோட ரெண்டு காலம். தண்ணி இல்லாத சேதி திங்கக்கிழமையும் அதேதான், வியாழக்கிழமையும் அதேதான்.

இதை எந்தப் பெட்டியில போடறதுன்னு ரொம்ப நேரம் யோசிச்சேன். பமீலா ஷூமேக்கர்னு ஒரு மாஸ்காம் ஆராய்ச்சியாளர் கேட்கீப்பிங்கை அஞ்சு மட்டமா பிரிச்சிருக்காங்க, தனிமனுஷர், வேலை வழக்கம், நிறுவனம், வெளி அமைப்புகள், சமூகம்னு. சார் எடுத்த முடிவு வழக்கத்துல வரும், ஆடித் தள்ளுபடி நிறுவனத்துலயும் வெளி அமைப்புலயும் வரும், அதெல்லாம் சரி. ஆனா இந்த அடுக்கு எல்லாமே செய்தியை உள்ள விடற பக்கத்துலேந்து பாக்குது. குடத்தைத் தூக்கிட்டு வந்த அக்காங்க எங்க டெஸ்க்கை ஒரு தடவைகூடப் பார்த்ததில்ல, ஆனா எங்க கேட்டோட அகலம் உயரம் அவங்களுக்கு அத்துப்படி. அந்த அளவுக்குத் தங்களையே வெட்டிக்கிட்டு வர்றாங்க, வேலைய விட்டுட்டு வெயில்ல உக்காந்து, கேஸ் வாங்குற ரிஸ்க்கோட. எங்களுக்கு ஒரு படம் மிச்சம், அவங்களுக்கு ஒரு நாள் கூலி போச்சு. இந்தச் செலவை யாரு கணக்குல எழுதறதுன்னு நான் படிச்ச வரைக்கும் தியரி பேசல.

வைவால கட்டாயம் வரப்போற கேள்வி, இப்போதான் ஆளாளுக்கு யூடியூப் சேனல், ஊருக்கு நாலு வாட்ஸ்அப் குரூப், இதுல கேட் எங்க இருக்குன்னு. மறியல் வீடியோ காலையிலயே கடலூர் குரூப்ல எல்லாம் சுத்திடுச்சு, எங்க பேப்பர் மறுநாள்தான் வந்துச்சு. ஆனா அந்த வீடியோவுலயும் முதல் ஃபிரேம் குடம்தான். மனு கொடுத்த அன்னிக்கு எந்தக் குரூப்லயும் ஒரு வரி இல்ல, நான் திரும்பித் தேடிப் பார்த்தேன். மோட்டாரை சனிக்கிழமை மாத்திட்டாங்கன்னு நிருபர் அனுப்பினாரு. அதுவும் போகல, அன்னிக்கு நகைக்கடை முழுப்பக்கம்.