சியாட்டிலில் இருக்கும் மாமாவுக்கு, இந்த நவம்பர் வாரம் அனுப்பியவை

ஞாயிறு, மதியம் 3.00
மாமா, தூங்கிக்கொண்டிருப்பீர்கள், எழுந்ததும் பாருங்கள். இப்போதுதான் ஸ்டூல் போட்டு ஏறி உங்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்தேன். ஊருக்குக் கிளம்பும் முன்னால் டவுன் ஹால் ரோட்டில் வாங்கி வந்து, நம் கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினீர்களே, அதைத்தான். குளிர்காலம் வருகிறதென்று உங்கள் ஊரில் இன்று நேரத்தையே ஒரு மணி பின்னால் தள்ளிவிட்டார்களே, நேற்று வரை நமக்கு நடுவில் 12½ மணி நேரம், இன்றிலிருந்து 13½. முள்ளைத் திருகும்போது நானே உங்களை இன்னும் கொஞ்சம் தள்ளி வைக்கிற மாதிரி இருந்தது, பாதியில் கை நின்றுவிட்டது.

திங்கள், காலை 6.10
வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு வந்தேன். உங்களுக்கு ஞாயிறு சாயங்காலம் 4.40, அதற்குள் இருட்டத் தொடங்கியிருக்கும். நாலே முக்காலுக்கே இருட்டுகிற ஊரில் தனியாக உட்கார்ந்திருக்காதீர்கள் மாமா, எல்லா லைட்டையும் போடுங்கள்.

செவ்வாய், இரவு 10.15
இத்தனை நாள் எட்டரைக்குப் பேசினோம், இனி ஒன்பதரை. சரி, அதனால் என்ன. இன்றைக்கு 4 நிமிஷம்தான் பேசினீர்கள், கோபமெல்லாம் இல்லை, பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறீர்கள் என்று மூச்சு வாங்கியதிலேயே தெரிந்தது. அந்த மூச்சுச் சத்தம்கூட எனக்குப் பக்கத்தில் இருக்கிற மாதிரிதான் இருந்தது.

வியாழன், பின்னிரவு 2.40
தூக்கம் வரவில்லை. மழை விட்டு ஓட்டிலிருந்து சொட்டுகிறது. இங்கே வியாழக்கிழமை பிறந்துவிட்டது, உங்களுக்கு இன்னும் புதன் மதியம். சாப்பிட்டீர்களா? தயிர் சாதம் என்றால் தொட்டுக்கொள்ள ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள், வெறுமனே விழுங்காதீர்கள். உங்கள் தலையணைக்கு உறை மாற்றவே மனசு வரவில்லை, அத்தை இரண்டு தடவை கேட்டுவிட்டார்கள்.

வெள்ளி, இரவு 10.20
ஒன்பதரைக்கு நீங்கள் கூப்பிட்டது இப்போதுதான் தெரிந்தது, மன்னித்துக்கொள்ளுங்கள். அத்தையோடு கோயிலுக்குப் போயிருந்தேன், உள்ளே போன் கொண்டுபோக விடமாட்டார்களே, வெளியே கொடுத்துவிட்டுப் போனோம். பள்ளியறை பூஜை பார்த்தோம். மேளம் முழங்க சொக்கநாதர் பாதத்தைப் பல்லக்கில் வைத்து அம்மன் சன்னதிக்குக் கொண்டுவந்தார்கள். இங்கேயிருந்து அங்கே, நாலு எட்டுதான், ஆனாலும் ஒரு ராத்திரி விடாமல் வருகிறார். பார்த்துக்கொண்டே நின்றேன், அழுகை வந்துவிட்டது. அத்தை ஒன்றும் கேட்கவில்லை, தன் தலையிலிருந்த மல்லியில் பாதியைக் கிள்ளி என் தலையில் வைத்தார்கள்.

அப்புறம், மார்ச்சில் அந்தக் கடிகாரத்தை மறுபடி முன்னால் வைக்க வேண்டும். அதை நான் பார்த்துக்கொள்கிறேன். சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முன்னால் வந்துவிடுங்கள் மாமா, லீவுக்கு இப்போதே எழுதிக் கொடுங்கள். நாளைக்கு உங்களுக்கு லீவுதானே? எத்தனை மணியானாலும் கூப்பிடுங்கள், முழித்திருப்பேன்.