கால்பந்து நட்பு ஆட்டத்துக்கு முன் நடுவர் பேசியது

எல்லாரும் கிட்ட வாங்க. நீலம் ஒரு பக்கம், சிவப்பு ஒரு பக்கம்னு பிரிஞ்சு நிக்க வேண்டாம், கலந்தே நில்லுங்க. கீப்பர் ரெண்டு பேரும் வந்தாச்சா? சரி, சீக்கிரம் முடிச்சிடறேன்.

பாதிக்கு 35 நிமிஷம், இடைவேளை 10 நிமிஷம். ஆள் மாத்தறது எத்தனை தடவை வேணும்னாலும் மாத்திக்கலாம், வெளிய போனவர் திரும்பவும் வரலாம். ஆனா ஆட்டம் நின்னிருக்கிற நேரத்துல, என்கிட்ட சொல்லிட்டு, நடுக்கோட்டுப் பக்கமா வரணும். போறவர் வெளிய போன பிறகுதான் வர்றவர் உள்ள.

ஷின் பேட் எல்லாரும் போட்டிருக்கீங்களா? சாக்ஸுக்கு உள்ள இருக்கணும். மோதிரம், செயின், கம்மல், கைவளையம் எதுவும் கூடாது. மேல டேப் ஒட்டி மறைச்சிட்டேன்னு சொல்ல வேண்டாம், சட்டம் அதையும் ஒத்துக்கறதில்ல.

நட்பு ஆட்டம்னா கோப்பை கிடையாது, பாயின்ட் கிடையாது. அவ்வளவுதான். சட்டம் வழக்கம்போல இருக்கும். ரெண்டு கார்டும் என் பாக்கெட்டுல இருக்கு, எடுக்கவும் தயங்க மாட்டேன்.

இப்போ முக்கியமான விஷயம், டேக்கிள். உங்கள்ல சில பேர் நாப்பதைத் தாண்டினவங்க, சில பேருக்கு இன்னும் இருபதுகூட ஆகல. தம்பிங்க வேகமா வருவீங்க, அண்ணனுங்க அரை நொடி லேட்டா கால் நீட்டுவீங்க. இந்த மாதிரி ஆட்டத்துல அடிபடறது பெரும்பாலும் அந்த அரை நொடியிலதான். வேணும்னு யாரும் உதைக்கறதில்ல. பந்து போயிடுது, கால் அப்புறம் வந்து சேருது. அதுவும் கடைசிப் பதினஞ்சு நிமிஷம், மூச்சு வாங்கற நேரத்துல, மனசு போற வேகத்துக்குக் கால் போகாது. எட்டாதுன்னு தெரிஞ்சா விட்டுடுங்க. கூடவே ஓடி வழியை அடைங்க, அதுவும் நல்ல டிஃபென்ஸ்தான்.

நான் எப்படிப் பார்ப்பேன்னு சொல்லிடறேன். கவனக்குறைவா மோதினா ஃப்ரீ கிக், கார்டு இல்ல. எதிராளிக்கு என்ன ஆகும்னு யோசிக்காமப் பாய்ஞ்சா மஞ்சள். அளவுக்கு மீறின பலத்தோட, இல்ல அவர் உடம்புக்கே ஆபத்து வர்ற மாதிரி போனா சிவப்பு. "சார், பந்தைத்தான் முதல்ல தொட்டேன்"னு சொல்வீங்க. தொட்டிருப்பீங்க. பந்தைத் தொட்டுட்டு அதே வேகத்துல ஸ்டட்ட அவர் கணுக்கால் மேல வெச்சா, அது ஃபவுல்தான். சறுக்கிப் போறது தப்பில்ல. ரெண்டு காலையும் தூக்கிட்டு, ஸ்டட் தெரியற மாதிரி பறந்து வர்றதுதான் தப்பு. அதை நான் பார்த்தா உங்களுக்கு ஆட்டம் அதோட முடிஞ்சுது.

தலையால முட்டப் போகும்போது குதிக்கறதுக்குக் கை மேல வரத்தான் செய்யும், அது எனக்குப் புரியும். முழங்கை அவர் முகத்துக்குப் போகக் கூடாது. இன்னொண்ணு, ஒருத்தர் குதிச்சு மேல இருக்கும்போது நீங்க குதிக்காம அவர் கீழ குனிஞ்சு புகுந்தா, அவர் முதுகடிச்சு விழுவார். பார்க்க நீங்க சும்மா நின்ன மாதிரி இருக்கும். ஃபவுல் உங்க மேலதான்.

கார்னர் கிக்ல ஜெர்சியைப் பிடிக்கறது, கட்டிப்பிடிக்கறது. பந்து ஆட்டத்துல வர்றதுக்கு முன்னாடின்னா கூப்பிட்டுச் சொல்வேன். பந்து வந்த பிறகும் பிடியை விடலேன்னா பெனால்டி. அப்புறம் எல்லாரும் என்னைச் சுத்திக்கிட்டு "எல்லா ஆட்டத்துலயும் இப்படித்தான் சார்"னு சொல்லக் கூடாது.

ஹேண்ட் பால். பந்து கையில பட்டதெல்லாம் ஹேண்ட் பால் இல்ல. அக்குளோட அடிப்பகுதி வரைக்கும் தோள்தான், அதுக்குக் கீழதான் கை. வேணும்னு தொட்டாத் தப்பு. அந்த அசைவுக்குத் தேவையே இல்லாம கையை விரிச்சு உடம்பைப் பெரிசாக்கிப் பந்து பட்டாலும் தப்பு. கோல் அடிக்கிறவருக்கு மட்டும் கண்டிப்பு கொஞ்சம் கூட. தெரியாம அவர் கையில பட்டு பந்து நேரா உள்ள போனாலும் சரி, பட்ட உடனே அவரே அடிச்சாலும் சரி, கோல் கிடையாது. மத்தபடி பந்து எங்க பட்டாலும் பதினோரு பேரும் ஒண்ணா "ஹேண்ட்"னு கத்தறது வேண்டாம். எனக்கும் கண் இருக்கு.

கீப்பர்ஸ், பழைய ஆறு நொடிக் கணக்கு இப்போ இல்ல. பந்தைக் கையில எட்டு நொடி வரைக்கும் வெச்சுக்கலாம். கடைசி அஞ்சு நொடியை நான் கையைத் தூக்கி எண்ணுவேன். தாண்டினா எதிரணிக்குக் கார்னர். 2025லருந்து இதுதான் சட்டம்.

ஃப்ரீ கிக் கொடுத்தா எதிரணி 9.15 மீட்டர் தள்ளி நிக்கணும், நம்ம கணக்குல பத்து கெஜம். பந்து முன்னாடி போய் நின்னு லேஸ் கட்டற ஆளுக்கு மஞ்சள் நிச்சயம். அடிக்கிற அணி சீக்கிரம் எடுக்கணும்னா எடுத்துக்கலாம். தூரம் அளந்து தரச் சொல்லிக் கேட்டீங்கன்னா, என் விசிலுக்காகக் காத்திருக்கணும்.

ஃபவுல் நடந்தும் நான் ரெண்டு கையையும் முன்னால நீட்டி "ஆடுங்க"ன்னு சொன்னா அட்வான்டேஜ். விசில் கேக்கற வரைக்கும் நிக்காதீங்க. யாரும் தொடாமலே விழுந்து உருண்டா, கார்டு உருண்டவருக்கு.

ஆஃப்சைடு நானேதான் பார்ப்பேன். கோட்டுல கொடி பிடிக்கிற ரெண்டு பேரும் உங்க ஆளுங்க, உங்களுக்காக நேரம் ஒதுக்கி வந்தவங்க. பந்து வெளிய போச்சான்னு மட்டும்தான் அவங்க சொல்வாங்க. அவங்களைத் திட்டறது என்னைத் திட்டற மாதிரிதான். இங்க வீடியோ கிடையாது. நெருக்கமான ஆஃப்சைடுல என் கண் எடுத்ததுதான் முடிவு, உங்களுக்குப் பிடிக்காத முடிவும் வரும்.

என்கிட்டப் பேசணும்னா கேப்டன் மட்டும் வாங்க. கேள்வி கேட்டா பதில் சொல்வேன். நீல அணிக்குக் கீப்பர்தான் கேப்டன், அவர் அந்தக் கோடியிலருந்து ஓடி வர முடியாது. அதனால முன்னால ஆடறவங்கள்ல ஒருத்தரை இப்பவே சொல்லிடுங்க. மத்தவங்க கூட்டமா வந்து சூழ்ந்தாலோ, கையை வீசிக் கத்தினாலோ மஞ்சள்.

கெட்ட வார்த்தை விஷயத்துல நான் ரொம்பக் கறார். அம்மா, அக்காவை இழுக்கறது, சாதி, மதம், நிறம், உடம்பு இதை வெச்சுக் கேலி பண்றது, எதுக்கும் எச்சரிக்கை கிடையாது, நேரா சிவப்பு. அது உங்க அணி ஆளைச் சொன்னதா இருந்தாலும் அப்படித்தான். பாஸ் தப்பாப் போட்ட சின்னப் பையனை மூத்தவங்க அந்த மாதிரி திட்டறதை நிறையப் பார்த்திருக்கேன். இந்த மைதானத்துல அது நடக்காது.

கீழ விழுந்தவரைக் கையைப் பிடிச்சு இழுத்துத் தூக்காதீங்க. நல்ல எண்ணம்தான், ஆனா எங்க அடிபட்டிருக்குன்னு உங்களுக்குத் தெரியாது. அவரா எழுந்திருக்கட்டும். தலையில அடின்னா ஆட்டத்தை உடனே நிறுத்திடுவேன். தலை சுத்துது, மங்கலாத் தெரியுதுன்னு சொன்னவர் இன்னைக்குத் திரும்ப ஆட மாட்டார், அவரே கெஞ்சினாலும் சரி. முதலுதவிப் பெட்டி நடுக்கோட்டுகிட்ட, அந்த பெஞ்சுக்கு அடியில இருக்கு.

ஏதாவது கேக்கணுமா? த்ரோவா? ரெண்டு கையாலயும், தலைக்குப் பின்னாலருந்து, ரெண்டு காலும் தரையில. கால் தூக்கினா எதிரணிக்குப் போயிடும். வேற? இல்லையா? அப்போ கேப்டன்ஸ் ரெண்டு பேரும் டாஸுக்கு வாங்க. ஜெயிக்கிறவர் எந்தப் பக்கம்னும் கேக்கலாம், கிக் ஆஃப் வேணும்னும் கேக்கலாம். மத்தவங்க கை குலுக்கிட்டு இடத்துக்குப் போங்க.