சர்வாயுதவர்க்கம்: தினமும் போட்டுக்கொள்ள வேண்டியவை

வேத பகுதி: எபேசியர் 6:10-18
மனப்பாட வசனம்: "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்." சங்கீதம் 56:3

தம்பி தங்கைகளே, பைபிளைத் திறந்து விரலை 14ஆம் வசனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சர்வாயுதவர்க்கம், அதாவது ஒரு போர்ச்சேவகன் போட்டுக்கொள்ளும் ஆயுதங்கள் எல்லாவற்றையும் பவுல் அங்கேயிருந்து ஒவ்வொன்றாகச் சொல்கிறார்.

இதை எழுதும்போது பவுல் கைதியாக இருந்தார். 19, 20ஆம் வசனங்களில் தாம் சங்கிலியால் கட்டப்பட்டிருப்பதாக அவரே சொல்கிறார். ரோமாபுரியில் ஒரு வாடகை வீட்டில் இரண்டு வருஷம் இருந்தார், காவலுக்கு ஒரு போர்ச்சேவகன் கூடவே இருந்தான் என்று அப்போஸ்தலர் 28ஆம் அதிகாரம் சொல்கிறது; அந்த நாட்களில்தான் இந்த நிருபத்தை எழுதினார் என்பது சபையில் வெகுகாலமாகச் சொல்லப்பட்டு வருவது. கச்சை, மார்க்கவசம், கேடகம் எல்லாம் அவர் கண்முன்னாலேயே நடமாடியிருக்கும்!

முதலில் சத்தியம் என்னும் கச்சை. கச்சை என்றால் இடுப்பில் இறுக்கிக் கட்டுகிற பட்டை. தொளதொளவென்று தொங்கும் உடை காலைத் தடுக்காமல் இருக்க, சேவகன் அதைக் கட்டிக்கொள்வான். பொய்யும் காலைத் தடுக்கும். தண்ணீர் பாட்டிலைத் தொலைத்துவிட்டு "பள்ளிக்கூடத்தில் பத்திரமாக இருக்கிறது" என்று சொன்னால், நாளைக்கு இன்னொரு பொய், மறுநாள் அதற்குமேல் ஒன்று என்று தேட வேண்டியிருக்கும். அதனால் இந்தப் பழக்கம்: யாராவது கேள்வி கேட்டால் முதல் பதிலே உண்மையாக இருக்கட்டும். திட்டு விழலாம், பரவாயில்லை, அன்றைக்கே முடிந்துவிடும்.

நீதியென்னும் மார்க்கவசம் நெஞ்சை மூடுவது. சாயங்காலம் புத்தகப்பையைத் திறந்தவுடன், உங்களுடையது இல்லாத பென்சில், ரப்பர், ஸ்கேல் ஏதாவது உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பையின் முன்பக்க ஜிப்பில் தனியாக வைத்து, காலையில் முதல் வேலையாகக் கொடுத்துவிடுங்கள். ஆசிரியர் பார்க்காவிட்டாலும்தான்.

அப்புறம் பாதரட்சை. ரோமச் சேவகர்களின் செருப்புக்கு அடியில் இரும்பு ஆணிகள் அடித்திருக்கும், வழுக்காமல் நிற்பதற்கு. பவுல் அதைச் சமாதானத்தோடு சேர்த்துச் சொல்கிறார். காலையில் குளியலறைக்கு யார் முதலில் போவது என்று அண்ணனோடு சண்டை போட்டிருப்பீர்கள், சீப்புக்காகத் தங்கச்சியை அடித்திருப்பீர்கள். வாசலில் ஷூ மாட்டும்போது அது நினைவுக்கு வர வேண்டும். லேஸ் கட்டி முடிக்கும் முன்னே "சாரி, சரியா?" என்று சொல்லிவிட்டு வீட்டைவிட்டுக் கிளம்புங்கள்.

விசுவாசமென்னும் கேடகத்தைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்லப்போகிறேன், ஏனென்றால் பவுலே "எல்லாவற்றிற்கும் மேலாக" என்று சொல்லித்தான் அதை எடுக்கிறார். ரோமரின் பெரிய கேடகம் மரப்பலகைகளை ஒட்டி, மேலே தோல் போர்த்தியது. ஓர் ஆள் குனிந்தால் முழுக்க மறைந்துகொள்ளலாம். நெருப்பு அம்பு அதிலே வந்து குத்தும், சேவகன்மேல் படாது. நம்மேலும் அம்பு வருகிறது, மனசுக்குள்ளே. "உன்னை யாருக்கும் பிடிக்காது", "உனக்குக் கணக்கு வரவே வராது", ராத்திரி விளக்கை அணைத்ததும் வருகிற பயம், இவையெல்லாம்தான். அம்பு வருவது உங்கள் தப்பு இல்லை, பயம் வந்ததற்காக வெட்கப்படவும் வேண்டாம். வந்தவுடனே இன்றைய மனப்பாட வசனத்தைச் சொல்லுங்கள், வாய்விட்டு, இரண்டு தடவை. அப்படியும் பயம் போகவில்லையா? அம்மாவையோ அப்பாவையோ எழுப்பிச் சொல்லுங்கள். ரோமச் சேவகர்கள் கேடகங்களைப் பக்கம் பக்கமாகச் சேர்த்துப் பிடித்தபடி முன்னேறுவதும் உண்டு, நீங்களும் தனியாக நிற்க வேண்டியதில்லை.

தலைச்சீரா, அதாவது தலைக்கவசம், இரட்சணியம். காலையில் தலை வாரும்போது "இயேசப்பா, நீர் என்னை இரட்சித்தீர், நான் உம்முடைய பிள்ளை, நன்றி" என்று சொன்னால் போதும்.

கடைசியில் பட்டயம், தேவவசனம். வனாந்தரத்தில் பிசாசு மூன்று தடவை சோதித்தபோது இயேசு மூன்று தடவையும் வசனத்தால்தான் பதில் சொன்னார். அது அவருக்குத் தெரிந்திருந்தது, அதனால் சொல்ல முடிந்தது. ஆகவே போனையோ டிவியையோ தொடும் முன்னே ஒரே ஒரு வசனம் வாசியுங்கள். ஒன்று கவனியுங்கள், 12ஆம் வசனத்தின்படி நம் போராட்டம் மனிதரோடு இல்லை. வகுப்பில் வம்பு பண்ணுகிற பையனை வசனம் சொல்லிக் குத்திக்காட்டக் கூடாது, அவனுக்காக ஜெபம்பண்ணுங்கள். 18ஆம் வசனம் ஜெபத்தைத்தானே சொல்கிறது.

இந்தப் பழக்கங்கள் எல்லாவற்றையும் நாளைக்கே பிடிக்க வேண்டாம். இந்த வாரத்துக்கு ஒன்றைத் தேர்ந்தெடுத்து நோட்டில் எழுதுங்கள், பக்கத்தில் இருக்கிறவரிடம் காட்டுங்கள், வருகிற ஞாயிறு அவர் உங்களைக் கேட்பார். எழுதியாயிற்றா? சரி, எழுந்து நின்று கண்களை மூடுங்கள், என்னோடு சேர்ந்து சொல்லுங்கள்:

"அன்புள்ள ஆண்டவரே, நான் எழுதியதை நீர் பார்த்தீர். நாளைக் காலையில் அதை எனக்கு ஞாபகப்படுத்தும். பயம் வரும்போது உம்மை நம்ப உதவி செய்யும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்."